ஃப்ரீசர்ல ஒட்டிக்கிட்ட டப்பா: பலம் வேண்டாம், 7 கிலோஜூல் போதும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு போட்டோ. வேளச்சேரியில வாடகை வீட்டுல இருக்கிற நேயர் ஒருத்தர் அனுப்பியிருந்தார். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், மேல சின்ன ஃப்ரீசர் பெட்டி. அதுக்குள்ள ஹோட்டல் பார்சல் வர்ற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா, முக்கால் கிலோ மீன் துண்டுகளோட, தரையோட தரையா உறைஞ்சு போயிருக்கு. "ப்ரோ, இழுத்தா டப்பா உடையும், கத்தியை விட்டா ஃப்ரிட்ஜ் கிழியும். ஃப்ரிட்ஜ் ஹவுஸ் ஓனரோடது. என்ன பண்றது?" இதுதான் கேள்வி.

அவர் பயப்படுறது ரெண்டுமே நியாயமான பயம். ஏன்னு முதல்ல பார்த்துடலாம். அது புரிஞ்சா வழி தானா வரும்.

டப்பா ஏன் உடையுது? பார்சல் டப்பாவைத் திருப்பிப் பார்த்தா அடியில ஒரு முக்கோணம், அதுக்குள்ள பெரும்பாலும் 5னு நம்பர் இருக்கும். அது பாலிப்ரொப்பிலீன். வெளியில நல்லா வளைஞ்சு கொடுக்கிற பிளாஸ்டிக். ஆனா அதோட சாதாரண வகை, 0 டிகிரி பக்கத்துலயே விறைக்க ஆரம்பிச்சிடும். ஃப்ரீசர் குளிர்ல அது கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. மூலையைப் பிடிச்சு நெம்பினா வளையாது, விரிசல்தான் விடும். அதே டப்பா கொஞ்சம் சூடானதும் மறுபடி வளையும். அதனால முதல் விதி: குளிர்ல விறைச்சிருக்கிற டப்பாவை வளைக்கக் கூடாது, தட்டக் கூடாது.

ஃப்ரிட்ஜ் பக்கம் வரலாம். இங்க ரெண்டு வகை இருக்கு, ரெண்டுக்கும் ஆபத்து வேற வேற. பழைய மாதிரி சிங்கிள் டோர்ல, உள்ள ஐஸ் கட்டி கட்டியா வளருமே, அதுல பெரும்பாலும் ஃப்ரீசர் பெட்டியே அலுமினியத் தகடு. ரெண்டு தகட்டை ஒண்ணா ஒட்டி, நடுவுல கேஸ் ஓடுற பாதையை விட்டிருப்பாங்க. தகட்டு மேல புடைச்சுத் தெரியுற கோடுகள் டிசைன் இல்ல, கேஸ் ஓடுற வழி. நீங்க கத்தியால சுரண்டுற இடத்துக்கும் கேஸுக்கும் நடுவுல மெல்லிசான அலுமினியம் மட்டும்தான். ஒரு ஓட்டை விழுந்தா கேஸ் போயிடும், ஃப்ரிட்ஜ் குளிராது, அந்தத் தகட்டையே மாத்துற அளவுக்குச் செலவு இழுக்கும். இன்னொண்ணு, இப்போ வர்ற நிறைய ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பிடிக்கக் கூடிய வாயு. பின்னாடி ஸ்டிக்கர்ல போட்டிருக்கும்.

ரெண்டாவது வகை, ஐஸே கட்டாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ. அதுல சுவர் முழுக்க மெல்லிசான வெள்ளை பிளாஸ்டிக், அதுக்குப் பின்னாடி ஃபோம். அந்த பிளாஸ்டிக் கிழிஞ்சா ஈரம் ஃபோமுக்குள்ள இறங்கும். இறங்கின ஈரம் சுலபமா வெளியே வராது, அந்த இடத்துல குளிரைத் தாங்குற சக்தி குறைஞ்சுக்கிட்டே போகும்.

இப்போ முக்கியமான கணக்கு. நம்ம நேயரோட டப்பாவோட அடிப்பக்கம் 18க்கு 12 சென்டிமீட்டர்னு வெச்சுக்கலாம். அதுக்கும் தரைக்கும் நடுவுல 1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஐஸ். எடை போட்டா சுமார் 20 கிராம், ஒரு மேசைக்கரண்டி தண்ணிக்குக் கொஞ்சம் மேல. அந்த ஐஸை உருக்க சுமார் 7 கிலோஜூல் வெப்பம் வேணும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி 10 டிகிரி ஆறும்போதே 21 கிலோஜூல் கொடுத்துடும், நமக்குத் தேவையானதுல மூணு மடங்கு. ஆனா உள்ள இருக்கிற முக்கால் கிலோ மீனை முழுசா உருக்கணும்னா 200 கிலோஜூல் கிட்ட ஆகும்.

ஆக பிரச்சினை வெப்பம் எவ்வளவுங்கிறது இல்ல, அதை எங்க கொண்டு போய்ச் சேர்க்கிறோம்ங்கிறதுதான். மீன் கல்லு மாதிரி இருக்கட்டும். டப்பாவுக்கு அடியில இருக்கிற அந்த 20 கிராம் உருகினா போதும். டப்பா மேல சுடு தண்ணிப் பாத்திரத்தை வெச்சா, வெப்பம் மூடி, மீன், அடி பிளாஸ்டிக்னு எல்லாத்தையும் தாண்டி வரணும். மீன் கெட்டுப்போகும், அடி ஐஸ் அப்படியே இருக்கும்.

சரி, ஒவ்வொரு படியா போகலாம்.

முதல்ல ஸ்விட்ச்சை அணைச்சு பிளக்கைக் கழட்டிடுங்க. கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருந்தா நீங்க கொடுக்கிற வெப்பத்தை அது எடுத்துக்கிட்டே இருக்கும். சில சிங்கிள் டோர் மாடல்ல தெர்மோஸ்டாட் திருகுக்கு நடுவுலயே ஒரு டீஃப்ராஸ்ட் பட்டன் இருக்கும். அதை அழுத்தினாலும் கம்ப்ரஸர் நிக்கும், ஐஸ் உருகினதும் தானா ஓடும். ஆனா ஈரத்துல கை வெச்சு வேலை செய்யப் போறதால பிளக்கைக் கழட்டுறதுதான் நல்லது. மத்த பொருளை ஒரு தெர்மோகோல் பெட்டியிலயோ, பாத்திரத்துல வெச்சு நியூஸ்பேப்பர் சுத்தியோ ஒதுக்கிடுங்க. தண்ணி வடியுற இடத்துல பழைய துண்டு ஒண்ணு போடுங்க.

அடுத்து தண்ணி. தெர்மாமீட்டர் வேண்டாம். ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணிக்கு மூணு டம்ளர் குழாய்த் தண்ணி கலந்தா, நம்ம ஊர் வெயிலுக்கு 45 டிகிரியைத் தாண்டி நிக்கும். அது போதும்.

இனி தரை எதுனு பார்த்து வழி பிரியுது. நம்ம நேயருக்கு இருந்தது அலுமினியத் தரை. அலுமினியம் வெப்பத்தை நல்லா கடத்தும், ஐஸை விட கிட்டத்தட்ட நூறு மடங்கு. அதனால டப்பாவைத் தொடவே வேண்டாம். தட்டையான அடி இருக்கிற எவர்சில்வர் டப்பாவுல அந்தத் தண்ணியை ஊத்தி, மாட்டின டப்பாவுக்குப் பக்கத்துலயே தரையில உட்கார வெச்சா, வெப்பம் தகடு வழியா பக்கவாட்டுல ஓடி அடியில இருக்கிற ஐஸைத் தொடும். ரெண்டு பக்கமும் இடம் இருந்தா ரெண்டு பாத்திரம் வைங்க. ஒரு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. பாத்திரத்துக்கு அடியில ஐஸ் கரடுமுரடா இருந்தா முதல் ரவுண்டு கொஞ்சம் மெதுவா போகும், அது உருகிப் படிஞ்சதும் வேகம் பிடிக்கும்.

பிளாஸ்டிக் தரையா இருந்தா இந்த வித்தை எடுபடாது, வெப்பம் பக்கவாட்டுல ஓடாது. அங்க துணிதான் வழி. ஒரு பருத்தித் துணியை அதே தண்ணில நனைச்சு, பிழிஞ்சு, கயிறு மாதிரி முறுக்கி, டப்பாவும் தரையும் சேர்ற விளிம்பைச் சுத்தி வைங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல ஆறிடும், மறுபடி நனைச்சு வைங்க. உருகின தண்ணி அடியில ஊறி உள்பக்கம் போகும். பொறுமை வேணும். கண்ணாடித் தட்டுனாலும் இதே துணிதான். உறைஞ்ச கண்ணாடி மேல சுடு தண்ணியை நேரா ஊத்தினா விரிசல் விழலாம்.

எப்போ கை வைக்கலாம்? மூணு அடையாளம் இருக்கு. விளிம்புல வெள்ளையா இருந்த ஐஸ் கண்ணாடி மாதிரி தெளியும். டப்பாவைச் சுத்தி மெல்லிசா ஒரு தண்ணிக் கோடு ஓடும். டப்பாவோட பக்கச் சுவரை விரலால லேசா அமுக்கினா முன்ன மாதிரி விறைப்பா இல்லாம கொஞ்சம் கொடுக்கும். மூணும் வந்ததுக்கு அப்புறம், ரெண்டு உள்ளங்கையையும் டப்பாவோட அடிப்பக்கத்துல வெச்சு பக்கவாட்டுல தள்ளுங்க, இடம் வலமா லேசா திருகுங்க. மேல தூக்காதீங்க. மூடியைப் பிடிச்சு இழுத்தா மூடிதான் கையோட வரும். தண்ணிப் படலத்து மேல பக்கவாட்டுல தள்ளுறது சுலபம், நேரா மேல இழுத்தா மூலையில மட்டும் மொத்த பாரமும் விழும். நகரலன்னா இன்னும் ஒரு ரவுண்டு தண்ணி. பலத்தைக் கூட்ட வேண்டாம்.

நேயர் இதையே செஞ்சு பார்த்துட்டு எழுதினார். நாலு தடவை தண்ணி மாத்தினாராம், 25 நிமிஷத்துல டப்பா சறுக்கிக்கிட்டு வந்துடுச்சு. மீன் இன்னும் கல்லு மாதிரி இருந்துச்சாம். அது முக்கியம். நடுவுல ஐஸ் கெட்டியா இருக்கிற வரைக்கும் மறுபடி உள்ள வைக்கலாம். முழுசா இளகிட்டா அன்னிக்கே சமைச்சிடுங்க.

கமென்ட்ல நிச்சயமா வரப் போற மூணு ஐடியாவுக்கு இப்பவே பதில். ஹேர் டிரையர் வேண்டாம். தண்ணி சொட்டுற இடத்துல கரண்ட் சாமான், போதாக்குறைக்கு அந்தச் சூட்டுல உள்சுவர் பிளாஸ்டிக் நெளியும். உப்பு வேண்டாம். ஐஸ் உருகும், உண்மைதான், ஆனா உப்புத் தண்ணி அலுமினியத்தை அரிக்கும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் பத்தி ஏற்கனவே சொல்லியாச்சு. யாராவது ஏற்கனவே குத்திட்டு "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் கேட்டா, எந்த ஸ்விட்சையும் தொடாம, அடுப்பு எரிஞ்சா அணைச்சு, ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு வெளியே வந்துடுங்க. அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

டப்பா வந்ததும் தரையை நல்லா துடைச்சு ஈரம் இல்லாம ஆக்கிட்டுத்தான் பிளக்கை மாட்டணும். மிச்சம் இருக்கிற ஒரு ஸ்பூன் தண்ணிதான் அடுத்த டப்பாவைப் பிடிச்சுக்கிற பசை. அதே காரணத்துக்காக, கழுவின டப்பாவோட அடியைத் துடைச்சிட்டு வைங்க. அடியில ரெண்டு ஐஸ் குச்சியைக் குறுக்க போட்டு அது மேல வெச்சா, பிடிக்கிற பரப்பு ரெண்டு கோடா சுருங்கிடும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் தனியா கவனிங்க. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்ல, நீங்க எதுவும் சிந்தாமலே ஃப்ரீசர் தரையில திரும்பத் திரும்ப ஐஸ் தகடு கட்டுதுன்னா, அது டப்பா பிரச்சினை இல்ல. உருகின தண்ணி வெளியே போற டிரெயின் ஓட்டை அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரி பண்ணாம டப்பாவை எத்தனை தடவை விடுவிச்சாலும் அடுத்த வாரம் இன்னொண்ணு மாட்டும்.