புதுக் கார் மலைப்பாதையில் நின்றால்...

பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் புதுக் கார் சட்டென்று அணைந்தது. மடியில் இரண்டு வயதுப் பையன் தூங்குகிறான். வெளியே மூடுபனி. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கும் இறுகிப்போகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிக்க, நான் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

குன்னூருக்குக் கார் வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. வாங்கிய இடம் கோவை. விலை ஒன்பது லட்சம். சர்வீஸுக்கு விட்டோம். பேட்டரி மாற்றினார்கள். மறுபடி நின்றது, பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். மூன்றாம் தடவை, "மேடம், மலை ரோட்டுல பாதி கிளட்ச்ல ஓட்டுறீங்க, அதான்" என்றார் அங்கிருந்த பையன். மலையில் குடியிருக்கிற நமக்கெல்லாம் இந்தப் பதில் எப்போதும் தயாராக இருக்கும்! கிளட்ச் தேய்வது வேறு, ஓடுகிற எஞ்சின் அணைவது வேறு. அதனால் மேட்டுப்பாளையம் சமவெளியில் ஓட்டிப் பார்த்தோம். அங்கேயும் நின்றது. அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு வக்கீல் அக்காவிடம் போனேன். அவர் முதலில் கேட்டது ஜாப் கார்டுகளை. எடுத்துக் கொடுத்தால், மூன்றிலும் 'ஜெனரல் செக்கப்' என்றுதான் இருக்கிறது! "இதுல கார் நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை இல்லையேம்மா. இனிமே நீ சொல்றதை அப்படியே எழுதச் சொல்லு. எழுதாம கையெழுத்துப் போடாதே" என்றார். நான்காவது தடவை அப்படியே செய்தேன். 'ஓடும்போது எஞ்சின் அணைகிறது, நான்காம் முறை' என்று எழுத வைத்து, நகலும் வாங்கினேன். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பிறகு டீலருக்கும், கார் தயாரித்த கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போனது. இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டிவிடுவார். பதினைந்து நாளில் பதில் இல்லை.

பில்லில் 'வழக்கு கோவையில் மட்டும்' என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். ஆனால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். எனவே ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுத்தோம். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். குறை ஏற்பட்ட இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

"பணத்தைத் திருப்பித் தருவாங்களா அக்கா?" என்றேன் ஆசையாக. அவர் அவசரப்படவில்லை. ஆணையம் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், வேறு வண்டி தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பச் சொல்லலாம், நஷ்டஈடும் தரச் சொல்லலாம். எது கிடைக்கும் என்பது குறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2006-இல் மாருதி கார் வழக்கு ஒன்றில், கிளட்ச் பழுதுக்காக முழுக் காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டியில் சொன்னபடி பழுதான பாகத்தை மாற்றி, கூடவே 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2010-இல் ஃபியட் கார் வழக்கில், தனி நிபுணர் பார்த்து, உற்பத்தியிலேயே குறை என்று சொன்னால் மட்டும் விலையை வட்டியோடு திருப்ப வேண்டும் என்றது. ஆக, நிபுணர் அறிக்கைதான் உயிர்நாடி. டீலரின் ஆளோ, நமக்குத் தெரிந்த மெக்கானிக்கோ சொல்வதற்கு அந்த எடை இல்லை. ஆணையத்திடம் மனு கொடுத்து நிபுணரைக் கேட்க வேண்டும். அதற்கான கட்டணத்தை முதலில் நாம்தான் கட்ட வேண்டும்.

இதற்கிடையே மாமனார், "சனியனை வித்துத் தொலைங்க" என்றார். அக்கா பதறிப்போனார். வண்டியே இல்லாவிட்டால் நிபுணர் எதைப் பார்ப்பார்? அதேபோல, தினமும் அதையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டினால், 'ஓடாத வண்டியா இவ்வளவு ஓடியது?' என்று எதிர்த்தரப்பு கேட்கும். நாங்கள் ஷெட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போனோம்.

ஆணையம் அனுப்பிய நிபுணர், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தார். வயர்க் கட்டு ஓர் இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது; வளைவில் குலுங்கும்போது ஒயர் இரும்பில் பட்டு எஞ்சின் அணைகிறது. பொருத்தும்போதே நேர்ந்த தவறு, எங்கள் ஓட்டுதலால் அல்ல என்று எழுதினார். ஆனால் அந்தக் கட்டை மாற்றினால் சரியாகும் என்றும் எழுதிவிட்டார்.

அந்த ஒரு வரியால் முழு விலை என்ற ஆசை போயிற்று. எனக்கு வருத்தம்தான். இன்னும் வருடக்கணக்கில் இழுக்க மனமில்லாமல் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டோம். வயர்க் கட்டு முழுவதும் புதிது, இரண்டு வருடம் கூடுதல் வாரண்டி, 40,000 ரூபாய், நாங்கள் கட்டிய நிபுணர் கட்டணம். எல்லாவற்றையும் ஆணையத்தின் உத்தரவிலேயே எழுதி வாங்கினோம்.

இப்போது கார் நிற்பதில்லை. இருந்தாலும் பர்லியார் வளைவு வந்தால், பின்சீட்டுக்கு அடியில் வைத்திருக்கும் மரக்கட்டையை என் கால் தானாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.