மைனஸ் குறி விழுங்கிய டிராலி

ஒட்டிக்கொள்ளும் டிராலிகள் மேல்நிலை இயற்பியலில் அடிக்கடி வரும் கணக்கு. ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2 கிலோ நிறையுள்ள டிராலி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வலப்பக்கம் போகிறது. எதிரே 3 கிலோ டிராலி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இடப்பக்கம் வருகிறது. இரண்டும் மோதி ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் நகரும்?

நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். வெளிவிசை இல்லாதவரை மொத்த உந்தம் மாறாது. இதைத் தெரிந்துகொண்டே பலர் எழுதும் விடை: 2 × 4 = 8, 3 × 3 = 9, கூட்டினால் 17, மொத்த நிறை 5, ஆகவே நொடிக்கு 3.4 மீட்டர். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. விடைதான் தப்பு.

இந்தத் தப்புக்குப் பெரிய இடத்துப் பரம்பரை உண்டு. பிரெஞ்சு அறிஞர் தெகார்த் 1644-ல் வெளியிட்ட நூலில், உலகின் மொத்த இயக்க அளவு மாறாது என்றார். ஆனால் அவர் கணக்கில் வேகம் இருந்தது, திசை இல்லை. அவர் வகுத்த மோதல் விதிகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை. 1668-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஜான் வாலிஸ் எழுதி அனுப்பிய தீர்வில் எதிர்த்திசை இயக்கம் கழிக்கப்பட்டது.

நாமும் கழிப்போம். வலப்பக்கத்தை நேர்க்குறி என்று வைத்தால் இரண்டாவது டிராலியின் உந்தம் −9. மொத்தம் 8 − 9 = −1. ஐந்தால் வகுத்தால் −0.2. அதாவது, இடப்பக்கமாக நொடிக்கு 20 சென்டிமீட்டர். ஏறக்குறைய நின்றேவிடுகிறது.

இனி, 3.4 தவறு என்பதை விடைத்தாளிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? ஒட்டிய வண்டியின் திசைவேகம் பழைய இரண்டு திசைவேகங்களுக்கு இடையில்தான் இருக்க வேண்டும் என்பது முதலில் கைக்கு வரும் சோதனை. இங்கே எல்லைகள் −3, +4. தவறான 3.4-உம் அதற்குள் அடங்கிவிடுகிறது! சரி, ஆற்றலைப் பார்ப்போம் என்று போனால் அங்கே நிலைமை இன்னும் மோசம். மோதலுக்கு முன் இயக்க ஆற்றல் 16 + 13.5 = 29.5 ஜூல். தவறான விடைப்படி பின்னால் இருப்பது 28.9 ஜூல். கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஒட்டும் மோதலில் குறையத்தானே வேண்டும் என்று மனம் சமாதானமாகிறது. சரியான விடைப்படியோ மிஞ்சுவது வெறும் 0.1 ஜூல். இதைப் பார்த்துப் பயந்து சரியான விடையை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். ஏறத்தாழ சம உந்தத்தோடு எதிரெதிரே வந்து ஒட்டினால் ஆற்றல் இப்படித்தான் காணாமல் போகும். அது வெப்பமாகவும் ஒலியாகவும் உருக்குலைவாகவும் மாறிவிடுகிறது. ஆற்றல் கூடியிருந்தால் விடை தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். குறைந்திருப்பதை வைத்து மட்டும் விடை சரி என்று சொல்ல முடியாது.

பிடித்துக் கொடுக்கும் சோதனை வேறு. ஒவ்வொரு டிராலியின் உந்த மாற்றத்தையும் தனித்தனியே கணக்கிடுங்கள். சரியான விடையில் முதல் டிராலி 8-லிருந்து −0.4-க்குப் போகிறது, மாற்றம் −8.4. இரண்டாவது −9-லிருந்து −0.6-க்கு வருகிறது, மாற்றம் +8.4. ஒன்று இழந்ததை மற்றது பெற்றிருக்கிறது. தவறான விடையில் முதலாவதன் மாற்றம் −1.2, இரண்டாவதன் மாற்றம் +19.2. நியூட்டனின் மூன்றாம் விதி இதற்கு ஒப்பாது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சோதிக்கும்போதும் −9 என்பதை 9 என்றே எழுதினால் இரண்டாவதன் மாற்றம் 10.2 − 9 = +1.2 ஆகிவிடும். அது −1.2-உடன் அழகாகப் பொருந்தி, தவறான விடைக்கு நற்சான்று கொடுத்துவிடும்.

அதனால் நான் நம்புவது இன்னொரு வழியை. இரண்டாவது டிராலியின் மேல் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கு உங்கள் வண்டி நிற்கிறது; எதிர் வண்டி 4 + 3 = 7 மீட்டர் வேகத்தில் பாய்ந்து வருகிறது. உந்தம் 2 × 7 = 14, ஐந்தால் வகுத்தால் 2.8. நீங்களோ இடப்பக்கம் 3 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர். ஆகவே தரையிலிருந்து பார்த்தால் 2.8 − 3 = −0.2. முதலில் எழுதிய சமன்பாட்டைத் தொடாமலே அதே விடை வந்துவிட்டது.

ஆய்வகத்தில் இதே மோதலைச் செய்தால், மோதி முடிந்த உடனேயே வேகத்தை அளக்க வேண்டும். இவ்வளவு மெதுவாக நகரும் வண்டியைச் சக்கர உராய்வு சீக்கிரமே நிறுத்திவிடும்.

விடையை வெறும் −0.2 என்று விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கத்தை நேர்க்குறியாக வைத்தீர்கள் என்று முதல் வரியிலும், ‘இடப்பக்கமாக நொடிக்கு 0.2 மீட்டர்’ என்று கடைசி வரியிலும் எழுதுங்கள்.