கையெழுத்துக்கு முன் இருபது நிமிடம்

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. பதில் சொல்ல ஐந்து நாள் அவகாசம். சம்பளம், பிடித்தம், சேரும் தேதி எல்லாம் அதில் இருக்கிறது. ராத்திரி போன் வந்தால் யார் எடுப்பது, தப்பு நடந்தால் யார் தலையில் விழும் என்பது மட்டும் இல்லை.

அதைச் சொல்லக்கூடிய ஒருவரை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். டெக்னிக்கல் ரவுண்டில் உங்களைக் கேள்வி கேட்ட, அதே டீமில் உங்களுக்குச் சமமான வேலையில் இருப்பவர். மேனேஜருக்குக் காலி இடத்தை நிரப்பியாக வேண்டும். ஹெச்.ஆர். அந்த டீமில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. நாளை உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கப்போகிறவருக்கோ நீங்கள் ஏமாந்து வந்து ஆறு மாதத்தில் கிளம்பிப் போனால் நஷ்டம். உங்கள் பங்கு வேலையும் மறுபடி அவர் தலையில்தான் வந்து சேரும்.

இன்டர்வியூ முடிவில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். அப்போது அவர் உங்களுக்கு மார்க் போடும் இடத்தில் இருக்கிறார். மனம் விட்டுக் கேட்க வராது. ஆஃபர் கைக்கு வந்தபின் அந்தத் தயக்கம் தேவையில்லை. “முடிவு சொல்வதற்கு முன் அவருடன் இருபது நிமிடம் தனியாகப் பேச விரும்புகிறேன்” என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். போனில் பேசுவதே நல்லது. எழுத்தில் கேட்டால் அவர் அளந்துதான் பதில் எழுதுவார். இப்போதைய வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே இது நடந்துவிட வேண்டும்.

“டீம் எப்படி?” என்று கேட்டால் “நல்ல டீம்” என்றுதான் பதில் வரும். அபிப்பிராயம் கேட்காமல், கடைசியாக நடந்த சம்பவத்தைக் கேளுங்கள். சென்னையில் பணப் பரிவர்த்தனை மென்பொருளைக் கவனிக்கும் டீம் ஒன்றுக்கு ஒரு பெண் தேர்வாகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போகலாம்:

“கடைசியா ராத்திரி அலர்ட் வந்தது எப்போ? யார் எடுத்தாங்க?”

“போன வாரம். நான்தான். ரெண்டு மணிக்கு எழுந்தேன், முடிக்க நாலரை ஆச்சு.”

“மறுநாள் லேட்டா வந்தீங்களா?”

“இல்லங்க. பத்து மணி மீட்டிங்ல இருந்தேன்.”

“வாரம் மாத்தி வாரம் எத்தனை பேர் பார்க்கறீங்க?”

“மூணு பேர். முன்னாடி அஞ்சு பேர் இருந்தோம்.”

“அந்த அலர்ட்டைப் பத்தி அப்புறம் பேசினீங்களா?”

“பேசினோம். யார் கோடுன்னு மேனேஜர் கேக்கல. டெஸ்ட்ல ஏன் மாட்டலன்னுதான் கேட்டாரு. அந்த வாரமே அதுக்கு ஒரு டெஸ்ட் எழுதினோம்.”

இந்தச் சின்னப் பேச்சில் இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. தவறு நடந்தால் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடுகிறார்கள். இது நல்ல இடத்தின் அடையாளம். ஆனால் ஆள் போதவில்லை. மூன்று பேர் என்றால் ஒருவருக்கு வருடத்தில் சுமார் 17 வாரம் இரவுப் பொறுப்பு. நான்காவதாக இவர் சேர்ந்தாலும் 13 வாரம். இந்தக் கணக்கு ஆஃபர் லெட்டரில் இருக்காது.

அடுத்து அவர் மேனேஜரிடம் பேச வேண்டும், தன் சொந்தக் கேள்வியாக: “இரவுப் பொறுப்பை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்? காலி இடங்கள் எப்போது நிரம்பும்? இரவு வேலைக்கு மறுநாள் விடுப்பு உண்டா?” இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம். விடுப்புக்கு ஒப்புக்கொண்டால் அதை மெயிலில் வாங்கிக்கொள்ளலாம். “உங்க டீம்காரர்தான் சொன்னார்” என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது. நம்பிப் பேசியவரை அது சிக்கலில் மாட்டிவிடும்.

பதில்களை எடைபோடும்போது, அவர் அங்கே எத்தனை நாளாக இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதமே ஆனவர் ஒரு அப்ரைசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். உங்களைப் பரிந்துரைத்தவரே அவர் என்றால், நீங்கள் சேர்ந்தால் அவருக்கு ரெஃபரல் போனஸ் கிடைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு குறையைச் சொல்லி, அதற்கு என்ன செய்தார்கள் என்றும் சொல்பவரின் பாராட்டை நம்பலாம். குறையே இல்லை என்பவரிடம், “எப்படிப்பட்டவங்களுக்கு இந்த வேலை ஒத்துவராது?” என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் உண்மை அங்கேதான் வெளிவரும். ஒரு நொடி மௌனத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அதே விஷயத்தை வேறு விதமாக இன்னொரு முறை கேளுங்கள். அவர் சம்பளத்தையும் மேனேஜரைப் பற்றிய வம்பையும் தொட வேண்டாம்.

ஒருவர் சொல்வது ஒருவருடைய அனுபவம்தான். நீங்கள் சேர்வதற்குள் மேனேஜரே மாறிவிடலாம். ஆனாலும் அந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஒரு நிறுவனம் காரணம் சொல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.