தலைவலி மாத்திரையில் தீராத தலைவலி

58 வயதுப் பெண்மணி ஒருவருக்கு இரவில் திடீரென்று வலது பக்கத் தலை பிளக்கிறது. கூடவே குமட்டலும் வாந்தியும். பக்கத்து கிளினிக்கில் பித்தம், ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் தெரிந்ததையும், அந்தக் கண் சிவந்து பார்வை மங்கியதையும் யாரும் விசாரிக்கவில்லை. மறுநாள் கண் மருத்துவர் அழுத்தத்தை அளந்தால் 56 காட்டுகிறது. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பதுதான் வழக்கமான அளவு. டார்ச் அடித்தாலும் பாப்பா சுருங்கவில்லை. பாதி விரிந்தபடியே நிற்கிறது. கண் மருத்துவர்களுக்குப் பழக்கமான நோயாளி இவர்.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? கண்ணுக்குள் லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரி திசு, நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டரைவிடச் சற்று அதிகமாகத் தெளிந்த நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. இந்த நீர் பாப்பாவின் வழியாக முன்பக்கம் வந்து, ஐரிஸ் திரையும் கண்ணின் வெளிச்சுவரும் சந்திக்கும் மூலையில் உள்ள சல்லடைத் திசுவில் வடிந்து இரத்தக் குழாய்களில் கலக்கிறது. சுரப்பது சீராக இருந்து வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பின்னாலுள்ள பார்வை நரம்பை நசுக்கும். செத்த நரம்பிழை மீண்டும் முளைப்பதில்லை.

அந்தப் பெண்மணிக்கு மூலையே மூடிக்கொண்டது. சிறிய கண்களில், வயதோடு லென்ஸ் தடிக்கும்போது முன்னறை குறுகிவிடும். மங்கிய வெளிச்சத்தில் பாப்பா பாதி விரிந்ததும் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொள்ள, பின்னால் தேங்கிய நீர் ஐரிஸை முன்னுக்குத் தள்ளிச் சல்லடையை அடைத்துவிடுகிறது. முதலில் சுரப்பைக் குறைக்க அசெட்டசோலமைடும் டிமோலால் சொட்டும் தருவார்கள். தேவைப்பட்டால் மேனிட்டால் டிரிப் ஏற்றிக் கண்ணிலிருந்து நீரை இழுப்பார்கள். பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பினுக்கு அதன் பிறகுதான் வேலை. அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது இரத்த ஓட்டம் இல்லாமல் ஐரிஸ் தசை மரத்துக் கிடப்பதால் மருந்து அதை அசைக்காது. கடைசியில் லேசரால் ஐரிஸில் ஒரு சிறு துளை. நன்றாக இருக்கும் இடது கண்ணிலும் அதே துளையைப் போடுவார்கள், ஏனென்றால் அதன் அமைப்பும் அதேதான்.

வலி என்பதால் இவராவது ஓடி வந்தார். திறந்த கோணக் குளுக்கோமாவில் அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. அதில் மூலை திறந்தேதான் இருக்கும். சல்லடை மெல்ல மெல்ல இறுகும். பக்கப் பார்வைதான் முதலில் போகும். இரண்டு கண்ணும் ஒன்றின் குறையை மற்றொன்று மறைப்பதால், பாதி நரம்பு போகும்வரைகூட ஆளுக்குத் தெரியாது. சிலருக்கு அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடும். அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. நரம்பையும் பார்க்க வேண்டும்.

இதற்கான சொட்டு மருந்துகள் இரண்டே வழிகளில் வேலை செய்கின்றன: சுரப்பைக் குறைப்பது, அல்லது வடிய வைப்பது. அழுத்தம் 28 உள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் லட்டனோபிராஸ்ட்தான் முதல் மருந்து, இரவில் ஒரே சொட்டு. புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்த இது, சிலியரி தசை வழியாகச் செல்லும் மாற்றுப் பாதையைத் தளர்த்தி, அழுத்தத்தைக் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும். இமை முடி நீளும், கண் சிவக்கும், பயப்பட வேண்டியதில்லை. 28, 20-க்கு வந்துவிட்டது. ஆனால் நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருப்பதால் 16 வேண்டும் என்று மருத்துவர் நினைத்தால் இரண்டாவது மருந்து சேரும்.

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். பீட்டா தடுப்பானான டிமோலால் விலை மலிவு, நன்றாகச் சுரப்பைக் குறைக்கும். ஆனால் சொட்டு மருந்து கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, நேராக இரத்தத்தில் சேர்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகலாம். நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவருக்கு இன்னும் குறையலாம். அவர்களுக்கு, சுரப்புக்குத் தேவையான என்சைமைத் தடுக்கும் டார்சோலமைடைத் தருவார்கள். பிரிமோனிடினும் சுரப்பைக் குறைக்கும். கைக்குழந்தைகளுக்கு அது கூடாது, மூச்சே நின்றுபோகலாம். எந்தச் சொட்டானாலும் போட்டதும் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால், மருந்து கீழே இறங்காமல் கண்ணிலேயே தங்கும். அடுத்த சொட்டுக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனை தமிழகக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், குளுக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்நோய் இருந்தால், 40 வயதுக்குள் ஒருமுறை கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால், கண் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.