உங்களுக்குத் தெரியுமா? மார்ச் 31-லேயே நிறைகிறது 60!

இந்தியாவில் 1966 ஏப்ரல் 1-ல் பிறந்தவர், வருமான வரிக் கணக்கில் 2026 மார்ச் 31-லேயே 60 வயதை நிறைவு செய்துவிடுகிறார்! பிறந்தநாளுக்கு முந்தைய நாளோடு வயது நிறைவதாக மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016 ஜூலையில் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது.

• அந்த ஒரே நாளால் 2025-26 நிதியாண்டு முழுவதற்கும் அவர் மூத்த குடிமகன். பழைய வரிமுறையில் அடிப்படை விலக்கு வரம்பு 2.5 லட்சத்திலிருந்து 3 லட்சம் ரூபாயாக உயரும். வரிக்குரிய வருமானம் 6 லட்சம் என்றால், செஸ்ஸும் சேர்த்து 2,600 ரூபாய் மிச்சம். ஏப்ரல் 2-ல் பிறந்தவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

• நிதியாண்டில் எந்த நாளில் வயது நிறைந்தாலும் போதும். மாதக் கணக்குப் பார்ப்பதில்லை.

• 80 வயதுக்கும் இதே கணக்குதான். அப்போது வரம்பு 5 லட்சம்.

• கவனம்: இந்த வயதுச் சலுகை வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவோருக்கு மட்டுமே. புதிய வரிமுறையில் எல்லா வயதினருக்கும் ஒரே வரம்பு, 2025-26-க்கு 4 லட்சம். அதுவே தானாகப் பொருந்தும் முறை என்பதால், பழையது வேண்டுமானால் கணக்குத் தாக்கலில் நாமேதான் தேர்வு செய்ய வேண்டும்.