ஆப்பில் 1,020 ரூபாய், கையில் எவ்வளவு?

சென்னையில் எந்தப் பெரிய பிரியாணிக் கடை வாசலிலும் இரவு பதினொரு மணிவாக்கில் ஏழெட்டு டெலிவரி வண்டிகள் நிற்கும். பார்சல் வரும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: “என்ன ப்ரோ, இன்னைக்கு எவ்ளோ ஆச்சு?” பதிலுக்கு மொபைல் திரையில் இருக்கும் தொகையைச் சொல்வார்கள். ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் நல்ல நாள். அந்தத் தொகையில் பெட்ரோல் பங்குக்கும் மெக்கானிக்குக்கும் போக வேண்டிய பணமும் கலந்திருக்கிறது என்பதால், அதைச் சம்பாத்தியம் என்று சொல்வதற்கில்லை. அது வெறும் வசூல்.

2025 டிசம்பர் கடைசி நாளில் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த விவாதம் நாடு முழுக்க எழுந்தது. அடுத்த சில நாட்களில் சொமாட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் ஒரு கணக்கை வெளியிட்டார். 2025-இல் தங்கள் தொழிலாளரின் சராசரி வருமானம், டிப்ஸ் நீங்கலாக, மணிக்கு 102 ரூபாய் என்றார். ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, லாகின் செய்திருந்த மொத்த மணிநேரத்தால் வகுத்து வந்த தொகை அது. தினம் 10 மணிநேரம், மாதம் 26 நாள் ஓட்டினால் ஏறக்குறைய 26,500 ரூபாய். எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் 20 சதவீதம் கழித்தால் 21,000 ரூபாய் நிற்கும் என்பது அவர் கணக்கு.

காத்திருப்பைக் கணக்கில் சேர்த்தது நியாயமான முறை, அதை மறுக்கவில்லை. அந்த 20 சதவீதம்தான் இடிக்கிறது. பெட்ரோல் வருமானத்தைப் பார்த்துச் செலவாவதில்லை, கிலோமீட்டரைப் பார்த்துச் செலவாகிறது. ஆகவே நிறுவனம் சொன்ன மணிக்கு 102 ரூபாயையே வரவாக எடுத்துக்கொண்டு, செலவை மட்டும் கிலோமீட்டர் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கீழே வருவது சென்னையில் சொந்த பைக்கில் ஓட்டும் ஒருவரின் மாதிரி நாள். எண்களை அவரவர் வண்டிக்குத் தக்க மாற்றிக்கொள்ளலாம்.

பகல் 12 மணியிலிருந்து 3.30 வரை, மாலை 5 மணியிலிருந்து இரவு 11.30 வரை என 10 மணிநேரம் லாகின். 20 ஆர்டர். ஆர்டருக்குச் சராசரி 40 ரூபாய் வீதம் 800. இலக்கை எட்டியதற்கு இன்சென்டிவ் 220. ஆக 1,020 ரூபாய். ஆர்டர் கையில் இருந்த நேரம் மட்டும் என்று பார்த்தால், ஒன்றுக்கு இருபது நிமிடம் வீதம் ஆறே முக்கால் மணிநேரத்துக்கும் குறைவு. அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 153 ரூபாய் வரும். ஆள் சேர்க்கும் விளம்பரத்தில் கண்ணைக் கவரும் தொகை ஒன்றைப் பார்த்தால், எந்த நேரத்தால் வகுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

இப்போது ஓடோமீட்டரைப் பார்ப்போம். கடையிலிருந்து வாடிக்கையாளர் வீடு வரை ஆர்டருக்கு 4 கிலோமீட்டர், 20 ஆர்டருக்கு 80. இது ஆப்பில் தெரியும் தூரம். ஆர்டரை ஏற்ற இடத்திலிருந்து கடைக்குப் போவதும், இறக்கிவிட்டு மறுபடி கடைகள் இருக்கும் பகுதிக்குத் திரும்புவதும் சேர்ந்து 40 கிலோமீட்டர். வீட்டிலிருந்து அந்தப் பகுதிக்கு வந்துபோக 15. ஆக வண்டி ஓடியது 135 கிலோமீட்டர். ஆப் காட்டுவதற்கும் மீட்டர் காட்டுவதற்கும் நடுவே 55 கிலோமீட்டர். இந்த இடைவெளியைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடும் 110 சிசி பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், 135 கிலோமீட்டருக்கு 3 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 303 ரூபாய்.

அடுத்தது தேய்மானம். இது தினமும் கையைவிட்டுப் போவதில்லை, அதனாலேயே ஏமாற்றும். இந்த ஓட்டத்தில் மாதம் 3,500 கிலோமீட்டர் ஆகிறது; வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பவரின் பைக் அதைத் தொட அரை வருடமாவது ஆகும். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றி சர்வீஸ் செய்ய 900 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 30 பைசா. முன்டயர், பின்டயர் இரண்டுக்கும் சேர்த்து 15 பைசா. செயின் ஸ்ப்ராக்கெட் செட், பிரேக் ஷூ இரண்டும் 11 பைசா. கிளட்ச் பிளேட், பேட்டரி, பஞ்சர் போன்றவை 15 பைசா. மிச்சமிருப்பது வண்டியின் விலையே. 90,000 ரூபாய்க்கு வாங்கிய பைக்கை 1,20,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு 18,000 ரூபாய்க்கு விற்றால், கிலோமீட்டருக்கு 60 பைசா கரைந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1 ரூபாய் 30 பைசா. 135 கிலோமீட்டருக்கு 175 ரூபாய்.

கடனில் வாங்கியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதத் தவணை முழுவதையும் கழித்துவிட்டு வண்டி விலையின் 60 பைசாவையும் கழித்தால், ஒரே செலவு இரண்டு முறை விழும். தவணையில் வட்டிப் பங்கை மட்டும் தனியாகச் சேர்த்தால் போதும். சாப்பாட்டுச் செலவை நான் சேர்க்கவில்லை, வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தான் வேண்டும்.

போன், டேட்டா, இன்சூரன்ஸ் எல்லாம் நாளுக்கு 22 ரூபாய் என்று வைத்தால், மொத்தச் செலவு 500. கையில் நிற்பது 520. லாகின் நேரத்தால் வகுத்தால் மணிக்கு 52 ரூபாய். வீட்டைவிட்டு 11.15-க்குக் கிளம்பி நள்ளிரவு 12.15-க்குத் திரும்பியவருக்குப் போனது 13 மணிநேரம். பகலில் இருந்த ஒன்றரை மணிநேர இடைவெளியில் அவர் வீட்டுக்குப் போய்வர முடியாது. மேம்பாலத்துக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு 40 ரூபாய்.

நிறுவனக் கணக்குப்படி செலவு 20 சதவீதம், அதாவது 204 ரூபாய். பெட்ரோலும் தேய்மானமும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 55 பைசா ஆகும்போது, 204 ரூபாயில் 57 கிலோமீட்டர்தான் ஓட்ட முடியும். ஆப்பே ஒப்புக்கொள்ளும் 80 கிலோமீட்டருக்குக்கூட அது போதாது. லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியாக இருந்தால் நாளுக்கு 55 ரூபாய் மிச்சமாகும். அப்போதும் செலவு வரவில் நாற்பது சதவீதத்துக்கு மேல். மாதத்துக்கு 21,000 என்று சொல்லப்பட்டது, இந்த மாதிரிக் கணக்கில் 13,520 ஆகிறது. ஆர்டர்கள் நெருக்கமாகக் கிடைக்கும் பகுதியில் குறைந்த தூரம் ஓட்டுபவருக்கு இதைவிடக் கூடுதலாக நிற்கும். தூரம் எவ்வளவு என்று தெரியாமல் சதவீதம் சொல்வதற்கில்லை என்பதே என் வாதம்.

அபராதம் என்றதும் சாப்பாடு கொட்டிப்போனதற்குப் பிடித்த பணமும் கேஷ் கட்டாததற்கு ஐடி பிளாக் ஆவதும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அதிகம் தின்பது கைக்கு வராமல் போகும் இன்சென்டிவ். நம் மாதிரி நாளில் பத்தொன்பதாவது ஆர்டரோடு போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாகின் நிபந்தனை சில நிமிடங்களில் தவறி 220 ரூபாய் போய்விடும். செலவு குறையாது. மீதி 300-ஐ எட்டாது; மணிக்கு 30 ரூபாய்கூடத் தேறாது. ஆறு நாளுக்கு ஒருமுறை இப்படி நடந்தாலே, மற்ற நாட்களின் 52 ரூபாய் சராசரியில் 48 ஆக இறங்கிவிடும். அதனால் ஒரு நாளை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. குறைந்தது ஒரு முழு வாரம் வேண்டும், அதில் மழை நாளும் மந்தமான செவ்வாய்க்கிழமையும் இருக்க வேண்டும்.

இன்சென்டிவ் இன்னொரு வேலையும் செய்கிறது. இரவு பத்தே முக்காலுக்கு 45 ரூபாய்க்கு ஓர் ஆர்டர் வருகிறது. கடைக்கு 3 கிலோமீட்டர், வாடிக்கையாளருக்கு 6, திரும்ப 4. மொத்தம் 13 கிலோமீட்டருக்குச் செலவு 46 ரூபாய். முக்கால் மணிநேரம் உழைத்து ஒரு ரூபாய் நஷ்டம். தனியாகப் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். மறுத்தால் 220 போய்விடும் என்பதால் எடுக்கிறார்கள். நஷ்டத்தில் ஓடும் ஆர்டரைத் தொழிலாளியின் தலையில் கட்டும் ஏற்பாடு இது. இதை ஊக்கத்தொகை என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சொந்தக் கணக்குப் போட விரும்புவோருக்குப் பெரிய வேலை இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் நேரத்தையும் ஓடோமீட்டரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாரத் தொடக்கத்தில் டேங்கை நிரப்பி, வார முடிவில் மறுபடி நிரப்பினால் உண்மையான மைலேஜ் தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதிவையுங்கள். நாலு வாரம் போனால், எந்த நேரத்தில் லாகின் செய்வது பெட்ரோலுக்கும் கட்டாது என்பதும் தெரியும். மாலை 3 முதல் 5 வரை சும்மா சுற்றுவது பலருக்கு அப்படிப்பட்ட நேரம்தான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்க யோசிப்பவர்களுக்கும் இந்த எண்தான் தேவை. தினம் 135 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது லாபமாகலாம். பகுதி நேரமாக 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு லீவு நாளிலும் ஏறும் வாடகை பெட்ரோலைவிடச் சுமையாகிவிடும்.

நியூயார்க் நகரம் இந்தக் கணக்கைத் தொழிலாளர் தலையில் விடவில்லை. உணவு டெலிவரிக்கு அங்கே 2023 முதல் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அதை நிர்ணயித்தபோது காத்திருப்பு நேரத்தையும் வாகனச் செலவையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். 2025-இல் அது மணிக்கு 21.44 டாலர். காத்திருப்புக்கும் பணம் தர வேண்டும் என்றானதும், ஆர்டர் குறைவான நேரத்தில் நிறுவனங்கள் லாகின் செய்யவிடாமல் தடுக்கத் தொடங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்களின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்குத் தரச் சொல்கிறது. மணிக்கு இவ்வளவு கிடைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அந்த நிர்ணயம் வரும்வரை ஒன்றையாவது உடனே செய்யலாம். டெலிவரிக்காரர் லாகினில் இருக்கும்வரை அவர் எங்கே இருக்கிறார் என்பது ஜிபிஎஸ் மூலம் நிறுவனத்துக்கு நொடிக்கு நொடி தெரியும். வெறுங்கையோடு திரும்பிய தூரமும் அதில் இருக்கிறது. வாராவாரம் தரும் கணக்குச் சீட்டில் மொத்த லாகின் நேரம், வெறும் ஓட்டம் உட்பட மொத்தக் கிலோமீட்டர், கைநழுவிய இன்சென்டிவ், அதற்கான காரணம் ஆகிய நான்கையும் அச்சிட வேண்டும் என்று தமிழக அரசு விதி போடட்டும். கிக் தொழிலாளர்களுக்கென்று நலவாரியம் அமைத்த அரசுக்கு இந்தத் தகவலைக் கேட்டு வாங்குவது கடினமல்ல.