கருகிய சர்க்கரைப் பாகும் கண்ணாடிப் பாத்திரமும்

சர்க்கரை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பொன்னிறப் பாகாகிறது. கேரமல் எனப்படுவது இதுவே. சூடு மேலும் ஏறினால் அது கறுத்துக் கரியாகிவிடும். கறையை நீக்க முனைபவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இவ்விரண்டையும்தான். ஏனெனில் பழுப்புப் பாகு கல்லாக இறுகியிருந்தாலும் தண்ணீரில் கரையும், கரியோ கரையாது.

கேரமல் புட்டிங் செய்த கண்ணாடித் தட்டில் பெரும்பாலும் அடியில் பழுப்புப் பாகும், ஓரங்களில் கருவளையமும் படிந்திருக்கும். சூடான அத்தட்டில் குளிர்ந்த நீரை ஊற்றுவதே மிகப் பெரிய ஆபத்து. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், நீர் பட்ட பகுதி சட்டெனச் சுருங்க, மற்ற பகுதி விரிந்தே இருக்க, அந்த இழுவிசையில் தட்டு வெடித்துச் சிதறக்கூடும். பாகை இளக்குவதற்காகத் தட்டை நேரடியாக அடுப்புத் தீயில் வைப்பதும் இதே காரணத்தால் தவறாகும்.

தட்டைக் கையால் தொடும் அளவுக்குத் தானாக ஆறவிட்டு, பாகு மூழ்கும்வரை வெதுவெதுப்பான நீர் ஊற்றி அரைமணி நேரம் வைத்தால், நீர் தேநீர் நிறமாக மாறுவதிலிருந்து பாகு கரைவதை அறியலாம். அந்நீரைக் கொட்டிவிட்டு, முன்னதைவிடச் சற்றே சூடான நீரை மாற்றி மாற்றி ஊற்றினால் பழுப்பு முழுவதும் தேய்க்காமலேயே போய்விடும். எஞ்சும் கருவளையத்தின் மீது சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் மூடி இரவு முழுவதும் விட்டு, மரக்கரண்டியின் விளிம்பால் நெம்பினால் கரி பெரும்பாலும் பெயர்ந்துவிடும். கத்தியோ இரும்பு நாரோ கூடாது. அவை இடும் கீறலே பின்னொரு நாள் விரிசல் தொடங்கும் இடமாகிறது. நகத்தில் தட்டுப்படும் கீறலோ ஓரச் சில்லோ உள்ள தட்டை மீண்டும் சூட்டில் வைக்கலாகாது.

எவர்சில்வர் பாத்திரமாயின் வேலை எளிது: ஆறிய பின் நீர் நிரப்பிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டாலே போதும். அலுமினியத்தில் சோடாவைத் தவிர்ப்பது நல்லது. அதன் காரத்தன்மை உலோகத்தைக் கறுக்கச் செய்யும். பிளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு அதில் உண்டாகிறது.

கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடுவதால், பட்ட இடத்தை உடனே ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும்; ஒட்டியதைப் பிய்க்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஓவனுக்கு ஏற்றது என்று விற்கப்பட்ட தட்டு, குறிப்பேட்டில் சொன்னபடி பயன்படுத்தியும் வெடித்தால், வாங்கியவர் பழியைத் தம்மீது போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் நேரும் காயத்துக்கும் இழப்பீடு கோர வழிசெய்கிறது. உடைந்த துண்டுகள், ரசீது, அட்டைப்பெட்டி, நிழற்படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதில் தீராவிடில் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்குச் செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அங்கே புகார்க் கட்டணம் இல்லை.